மொட்டை மாடியில் ஒரு வாடகைக்காரர்

சுங்கைப்பட்டாணியில் அப்பா வாங்கிய மூன்று மாடிக் கடைவீடு ஒன்று எங்களுக்கு உண்டு. கீழே மளிகைக்கடை, நடுவில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகம், மேல்மாடியில் ஒரு டியூஷன் வகுப்பு. அதற்கும் மேலே மொட்டை மாடி. அங்கே தண்ணீர்த் தொட்டியும் அம்மா மோர்மிளகாய் காயவைக்கும் பாயும் மட்டுமே இருந்தன. 2012இல் அங்கேயும் ஒரு வாடகைக்காரர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு கைப்பேசிக் கோபுரம்.

கோபுரம் என்றால் வயல்வெளியில் நிற்கும் உயரமான இரும்புக் கோபுரத்தை நினைத்துவிட வேண்டாம். கட்டடத்தின் மேல் வைப்பது சின்ன அமைப்புதான். மூன்று மூலைகளில் மூன்று இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு நீளமான வெள்ளை அலைவாங்கி, நடுவில் குளிர்பெட்டி போன்ற இரண்டு அலமாரிகள். ஓர் அலமாரியில் மின்சாதனங்களும் இன்னொன்றில் மின்கலங்களும் இருக்கும். மின்தடை ஏற்பட்டால் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்கத்தான் மின்கலங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோ கனம்.

மாதம் 1,500 ரிங்கிட் என்றார்கள். காலியாகக் கிடக்கும் இடத்துக்கு யார் இவ்வளவு தருவார்கள்? அப்பா அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் 22 பக்கம் இருந்த ஒப்பந்தத்தில் அவர் படித்தது தொகை எழுதியிருந்த ஒரு வரியை மட்டும்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சில ஆண்டுகளில் அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அந்த வாடகைதான் கைகொடுத்தது. அதனால் கோபுரத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அப்பா 2018இல் காலமானார். அதன் பிறகுதான் அந்த ஒப்பந்தத்தை நான் முழுமையாகப் படித்தேன். அதில் ‘மூன்று ஆண்டு, மறுபடி மூன்று, மறுபடி மூன்று’ என்று இருந்தது. ஒன்பது ஆண்டு என்று நேராக எழுதாமல் ஏன் இப்படித் துண்டு போட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பின்னாளில் எங்கள் வழக்கறிஞர் அம்மாதான் விளக்கினார். நம் நாட்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகளைத் தாண்டும் குத்தகையை நில அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். மூன்று ஆண்டும் அதற்குட்பட்டதுமான வாடகைக்குப் பதிவு தேவையில்லை. பதிவுக்குப் போனால் நிலப்பட்டா, வங்கியின் ஒப்புதல், நாள்கணக்கில் அலைச்சல் என்று பல வேலைகள் வரும். அதைத் தவிர்க்கவே மூன்று மூன்றாக வெட்டுகிறார்கள்.

அதில் நமக்குப் பாதகம் எதுவும் இல்லை. பாதகம் வேறோர் இடத்தில் இருந்தது. மூன்று ஆண்டு முடிந்ததும் தொடரலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அவர்கள் தொடர விரும்பினால் நாம் மறுக்க முடியாது. அவர்கள் போக விரும்பினால் நம்மால் தடுக்க முடியாது. வாடகை உயர்வும் ‘பத்து விழுக்காட்டுக்கு மிகாமல்’ என்று பூட்டப்பட்டிருந்தது. ஆக 1,500 ரிங்கிட் 2015இல் 1,650 ஆனது, 2018இல் 1,815 ஆனது. அந்த ஆண்டுகளில் கீழே மளிகைக்கடை வாடகையை நாங்கள் பேசி உயர்த்திய வேகம் இதைவிட அதிகம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். 2012இல் வைத்தவை மூன்று அலைவாங்கிகள். 2016 வாக்கில் மாடிக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தன. அலமாரியும் ஒன்று கூடியிருந்தது. நிறுவனம் தன் சட்டங்களில் இன்னொரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் இடம் கொடுத்து, அவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவைக் காட்டினார்கள். ‘வாடகைக்கு எடுத்தவர் பிறருடன் பகிர்ந்துகொள்ளலாம்’ என்று ஒற்றை வரி. அந்த வரியில் நமக்கு ஒரு காசும் எழுதப்படவில்லை. நம் மாடியில் இரண்டு குடித்தனம், வாடகை ஒன்று. கோபுர வாடகை வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேலே ஏறி அலைவாங்கிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாடகை குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேல்மாடி டியூஷன் டீச்சர் பட்ட பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்துக்கு ஒரே மாடிப்படி. மொட்டை மாடிக்குப் போகிறவர்கள் டீச்சரின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒப்பந்தமோ ‘நாள் முழுவதும், வாரத்தின் ஏழு நாளும் தடையின்றி வந்துபோகும் உரிமை’ என்று சொன்னது. ஒரு சாவி அவர்களிடம் இருந்தது. சாவி நிறுவனத்திடம் இருந்தால் பரவாயில்லை. நிறுவனம் பராமரிப்பை ஒரு குத்தகையாளரிடம் கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, ஒரு கட்டத்தில் அந்தச் சாவிக்கு எத்தனை நகல்கள் இருந்தன என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தார். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டு தனியாக இருந்தாராம். “அண்ணே, மேலே யாரோ நடக்கிற சத்தம் கேக்குது. கீழே வேனும் நிக்குது. நான் கதவைத் தொறக்கவா வேண்டாமா?” என்றார். நான் வந்து பார்த்தபோது இரண்டு இளைஞர்கள் மின்கலத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குப் பழுதுபார்ப்பு என்றார்கள். அடையாள அட்டை இல்லை. மறுநாள் நிறுவனத்தை அழைத்துக் கேட்டால், அன்றிரவு யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். அந்த மின்கலங்கள் களவு போனவை. பழைய இரும்புக் கடையில் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு.

வந்துபோகும் உரிமையை மறுக்க முடியாது. தொடர்பு அறுந்தால் அவர்கள் நள்ளிரவிலும் வந்தாக வேண்டும். ஆனால் யார் வருகிறார், எப்போது, எதற்காக என்று முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லலாம். அவசரம் என்றால் போன், சாதாரணப் பராமரிப்பு என்றால் இரண்டு நாள் முன்னறிவிப்பு, பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதும் ஒரு பதிவேடு. இது எதுவும் எங்கள் 22 பக்கத்தில் இல்லை.

வந்துபோகும் உரிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது நம்முடைய உரிமை. எங்கள் தண்ணீர்த் தொட்டி ஓர் அலைவாங்கிக்கு நேர் முன்னால் இருந்தது. அலைவாங்கியின் ஆற்றல் விளக்கின் ஒளிக்கற்றை மாதிரி முன்பக்கமாகக் கிடைமட்டத்தில் பாய்கிறது. பின்பக்கமும் நேர் கீழும் மிகக் குறைவு. டியூஷன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பயந்து கேட்டபோது நிறுவனத்தின் பொறியாளர் படம் போட்டு விளக்கியது இது. கீழே உட்காருகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. முன்னால் சில மீட்டருக்குள் நெருங்கி நின்று வேலை செய்கிறவருக்குத்தான் பிரச்சினை. அதற்காகத்தான் மாடிக் கதவில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒட்டியிருக்கும். ஆனால் தொட்டியின் மிதவை உடைந்து குழாய்க்காரரைக் கூப்பிட்டபோது, அவர் பலகையைப் பார்த்துவிட்டு மேலே ஏற மறுத்தார். அலைவாங்கியை அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பதில் வர நான்கு நாளானது. நான்கு நாளும் மூன்று மாடிக்கும் வாளியில் தண்ணீர் சுமந்தோம். நம் மாடியில் நாம் வேலை செய்ய அவர்கள் எத்தனை மணி நேரத்துக்குள் ஆற்றலைக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பிறகு முடிவு வந்தது. மூன்றாவது தவணை 2021 பிப்ரவரியில் முடிந்தது. நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலம். அவர்கள் புதுப்பிக்கவும் இல்லை, போகவும் இல்லை. மாதாமாதம் 1,815 ரிங்கிட் மட்டும் வங்கியில் விழுந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். அந்த ஆண்டின் இறுதியோடு நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 2022 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. ‘வலையமைப்பு மறுசீரமைப்பு’ காரணமாகப் பிப்ரவரி 28ஆம் தேதியோடு வாடகை முடிகிறது என்று. மார்ச் மாதம் பணம் வரவில்லை. ஆனால் மாடியில் எல்லாம் அப்படியே நின்றது.

ஏப்ரலில் ஒரு குழு வந்தது. விலைபோகும் பொருள்களான அலைவாங்கி, அலமாரி, செம்புக் கம்பி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போனார்கள். இரும்புச் சட்டங்களின் கால்களைத் தரையோடு வெட்டிவிட்டு, அடிப்பகுதியையும் காங்கிரீட்டில் இறக்கிய ஆணிகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அலமாரிகளுக்காக ஊற்றிய காங்கிரீட் மேடைகள், கம்பி வந்த இரும்பு ஏணி, சுவரில் துளைத்த ஓட்டை, எல்லாம் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. மீதியை எடுக்க அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். ஜூலை கடைசியில்தான் வந்தார்கள்.

இதற்கிடையில் மே மாத மழை வந்தது. ஒரு சனிக்கிழமை இரவு டியூஷன் வகுப்பின் உள்கூரைப் பலகைகள் ஊறி, நான்கு பலகைகள் மாணவர் மேசைமேல் விழுந்தன. பகலில் அந்த மேசையில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என்னைத் திட்டவில்லை. “அண்ணே, பிள்ளைங்க இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை.

கோபத்தில் மிச்ச இரும்பை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வழக்கறிஞர் அம்மா தடுத்தார். வாடகைக் காலம் முடிந்தாலும் நீதிமன்ற உத்தரவில்லாமல் வாடகைக்கு இருப்பவரை நாமாக வெளியேற்றக்கூடாது என்பது 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். அவர்களுடைய பொருளில் நாம் கைவைத்தால் வழக்கு நம்மேல் திரும்பும். அதற்குப் பதிலாக அவர் 1956ஆம் ஆண்டு குடியியல் சட்டத்தின் 28ஆம் பிரிவைக் காட்டினார். வாடகை முடிந்த பிறகும் இடத்தை ஒப்படைக்காமல் வைத்திருந்தால், ஒப்படைக்கும் நாள்வரை இரட்டிப்பு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம். மாதம் 3,630 என்று 18,150 ரிங்கிட்.

அடுத்து சேதம். ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு கலை. தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்போம். அப்படி இருப்பதில்லை. வந்த கட்டுமானக்காரர் மாடியைப் பகுதி பகுதியாகச் செங்கலும் சிமெண்டும் வைத்துத் தடுத்தார். வடிகாலை அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பார்த்தார். மூன்று இடங்கள் தெரிந்தன. வெட்டிவிட்ட ஆணிகள் துருப்பிடித்துப் பருத்து, சுற்றியிருந்த காங்கிரீட்டை வெடிக்கவைத்திருந்தன. அது ஒன்று. கம்பி வந்த சுவர் ஓட்டை இரண்டாவது. மூன்றாவதுதான் நாங்கள் எதிர்பாராதது. அலமாரி மேடைகளை வடிகாலுக்குப் போகும் சரிவின் குறுக்கே ஊற்றியிருந்தார்கள். பத்து ஆண்டாக ஒவ்வொரு மழைக்கும் மேடையின் பின்னால் குளம் கட்டி, அடியில் இருந்த நீர்த்தடுப்புப் படலம் அழுகிப்போயிருந்தது. அலமாரி மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மேடைகளை உடைத்து, ஆணிகளைத் தரைமட்டத்துக்குக் கீழே வரை குடைந்தெடுத்து, சுருங்காத சிமெண்டால் அடைத்து, மேலே புதிய நீர்த்தடுப்புப் படலம் ஒட்ட 11,800 ரிங்கிட் ஆனது. டீச்சரின் உள்கூரைக்கும் மேசைகளுக்கும் 2,400. நிறுவனம் சொன்ன பதில் என்ன தெரியுமா? “உங்கள் கையில் 3,000 ரிங்கிட் வைப்புத்தொகை இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளுங்கள்.” 2012இல் இரண்டு மாத வாடகையாக வாங்கிய வைப்புத்தொகை. வாடகை உயர்ந்தபோது அதை உயர்த்த வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அதற்கு மேல் கேட்டபோது இன்னொரு வாதம் வைத்தார்கள். ‘இயல்பான தேய்மானம் நீங்கலாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்பதே ஒப்பந்தம். பழைய நிலை எது? 2012இல் உங்கள் மாடி ஒழுகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? எங்களிடம் ஒரு படமும் இல்லை. நிறுவனத்திடம் அவர்களின் பொறியாளர் எடுத்த படங்கள் இருந்திருக்கும். அதைத் தரவில்லை.

காப்பாற்றியது அம்மாவின் மிளகாய். தங்கையின் பழைய கைப்பேசியில் 2011 தைப்பூசத்துக்கு முன்னால் எடுத்த படங்கள் கிடைத்தன. பாயில் மிளகாய் பரப்பி அம்மா உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் மாடித்தரை விரிசல் இல்லாமல், வடிகால்வரை சரிவோடு தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வெறும் சுவர், ஓட்டை இல்லை. படத்தில் தேதியும் பதிந்திருந்தது. டியூஷன் டீச்சரும் 2014 முதல் தாம் அங்கு இருப்பதாகவும், 2022 ஏப்ரலுக்கு முன் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை என்றும் எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் ஒப்பந்தத்துக்கு அப்பா முத்திரைத் தீர்வை கட்டியிருந்தார். அடுத்த இரண்டு தவணைக்கும் வெறும் கடிதம்தான் பரிமாறியிருந்தோம். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. வருமான வரி வாரியத்தில் தாமத அபராதத்தோடு தீர்வையைக் கட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் வழக்கறிஞர் அம்மா கடிதம் அனுப்பினார். இரட்டிப்பு வாடகையும் பழுதுபார்ப்பும் சேர்த்து 32,350 ரிங்கிட் கேட்டார்.

நீதிமன்றம்வரை போகவில்லை. வைப்புத்தொகையையும் சேர்த்து 21,000 ரிங்கிட்டுக்குச் சமரசமானது. வழக்கறிஞர் கட்டணம் 2,500. பழுதுபார்ப்புக்கு 14,200. மிஞ்சியது நான்காயிரத்துச் சொச்சம். ஐந்து மாதம் சும்மா இடத்தை அடைத்துவைத்ததற்கு அது போதாது. ஆனாலும் எங்கள் கைப்பணம் போகவில்லை. பத்து ஆண்டில் அந்த மாடி ஏறக்குறைய 2 லட்சம் ரிங்கிட் கொடுத்திருக்கிறது, அதில் அப்பாவின் கடைசி நான்கு ஆண்டுகளும் அடங்கும் என்பதையும் நான் மறக்கவில்லை.

இப்போது வேறொரு நிறுவனம் கேட்டு வந்திருக்கிறது. டீச்சரிடம் முதலில் கேட்டேன். “படிக்கட்டு விஷயத்த சரி பண்ணுங்கண்ணே, அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். கட்டடத்தின் பின்புறம் இரும்பு ஏணிப்படி ஒன்றை அவர்கள் செலவில் போட ஒத்துக்கொண்டார்கள். சாவி ஒன்றுதான், அதுவும் மளிகைக்கடையில் பதிவேட்டோடு இருக்கும். இன்னொரு நிறுவனத்தைச் சேர்த்தால் அதற்குத் தனி வாடகை. காங்கிரீட் மேடை வேண்டாம், தூண்களுக்கு மேல் தாங்கும் இரும்பு உத்திரத்தில்தான் அலமாரி நிற்க வேண்டும். கனம் தளத்தின் நடுவில் இறங்காது, தண்ணீரும் அடியில் ஓடிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான பிரிவு கடைசியில் இருக்கிறது. வாடகை நிற்பது அவர்கள் கடிதம் போடும் நாளில் அல்ல. எல்லாவற்றையும் அகற்றி, ஓட்டைகளை அடைத்து, தண்ணீர் நிறுத்திப் பார்த்து ஒழுகவில்லை என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடும் நாளில்தான். இதை எழுதியதும் அவர்களின் அதிகாரி கொஞ்சம் முகம் சுளித்தார். “சார், அகற்ற எங்களுக்கு 30 நாள் போதும். எதற்கு இது?” என்றார். “30 நாள் போதும் என்றால் உங்களுக்கும் இதனால் நட்டமில்லையே” என்றேன். அரை மணி நேரம் பேசி ஒத்துக்கொண்டார்.

போன வாரம் நானும் அவர்களுடைய பொறியாளரும் மாடி முழுக்க நடந்து 62 படங்கள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் இருவரும் கையொப்பம் போட்டு ஒப்பந்தத்தோடு இணைக்கப்போகிறோம். படம் எடுத்து முடித்துக் கீழே வந்தபோது அம்மா கேட்டார், “ஏம்பா, மிளகாய் காயவைக்க எடம் விடுவாங்களா?”

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அலைவாங்கிகளுக்குப் பின்பக்கம், தொட்டிக்குப் பக்கத்தில், பத்தடிக்கு எட்டடி. ‘உரிமையாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கு’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறேன்.